ஒரே நாளில் இரண்டு கைதுகள்: ஆட்கொணர்வு மனு எந்த இடத்தில் நின்றுபோகிறது?

2023 ஜூன் 14 அன்று அமலாக்கத் துறை இரண்டு ஊர்களில் கைது நடவடிக்கை எடுத்தது. சென்னையில் அப்போது தமிழக அமைச்சராக இருந்த வி. செந்தில் பாலாஜி அதிகாலை 1.39 மணிக்குக் கைதானார். ஹரியானா வழக்கு ஒன்றில் பங்கஜ் பன்சால், பசந்த் பன்சால் என்ற தொழிலதிபர்கள் இருவர் அதே நாள் டெல்லியில் கைதானார்கள். எல்லோர் மீதும் பாய்ந்தது சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடைச் சட்டத்தின் பிரிவு 19. இரண்டு வழக்குகளும் உச்ச நீதிமன்றம் வரை போயின. இரண்டையும் விசாரித்த அமர்வுகளில் நீதிபதி ஏ.எஸ். போபண்ணா இருந்தார். சென்னை வழக்கில் கைது செல்லும் என்றும், ஹரியானா வழக்கில் கைது செல்லாது என்றும் தீர்ப்பு வந்தது.

இதற்கு அரசியல் காரணம் தேடுகிறவர்கள் உண்டு. அந்தப் பேச்சுக்குள் நான் போகவில்லை. இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் சட்டரீதியான காரணமே போதுமான அளவுக்குக் கிடைக்கிறது. யாரை எதிர்த்து, எந்த உத்தரவை எதிர்த்து, எந்த வகை மனு போட்டார்கள் என்பது ஒரு காரணம். ரிமாண்ட் செய்த, அதாவது கைதானவரைக் காவலில் வைக்க உத்தரவிட்ட நீதிபதியின் உத்தரவில் என்ன எழுதியிருந்தது என்பது இன்னொன்று. குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறதா என்ற கேள்விக்கு இரண்டு தீர்ப்புகளிலும் இடமே இல்லை.

முதலில் சென்னை.

2011 முதல் 2015 வரை போக்குவரத்துத் துறை அமைச்சராக இருந்த காலத்தில் வேலை வாங்கித் தருவதாகப் பணம் பெற்றதாக எழுந்த புகார்கள்தான் வழக்கின் வேர். அந்தப் புகார்களின் அடிப்படையில் அமலாக்கத் துறை 2021இல் தன் வழக்கைப் பதிவு செய்தது. 2023 ஜூன் 13 காலை அவருடைய வீட்டில் சோதனை தொடங்கியது. நள்ளிரவைத் தாண்டி, கைதில் முடிந்தது. கைதுக்கான காரணங்கள் எழுதப்பட்ட தாளை நீட்டியபோது அவர் வாங்க மறுத்தார், கையெழுத்திடவில்லை, குடும்பத்தினருக்கும் தகவல் சொன்னோம் என்பது அமலாக்கத் துறையின் தரப்பு. எதுவும் முறைப்படி சொல்லப்படவில்லை என்பது குடும்பத்தின் தரப்பு. நெஞ்சு வலி என்று சொன்ன அவரை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

அன்றே அவர் மனைவி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருப்பவரைக் கொண்டு வந்து நிறுத்தி விடுவிக்கக் கேட்பது இந்த மனு. சிறையில் இருப்பவரே வந்து போட வேண்டும் என்று இந்த மனுவில் கட்டாயம் இல்லை. மனைவி, தந்தை, நண்பர் யார் வேண்டுமானாலும் போடலாம். மனுதாரர் காட்ட வேண்டியது ஒன்றுதான்: இன்னார் இன்னாருடைய பிடியில் இருக்கிறார். அதற்கு மேல் சுமை பிடித்து வைத்திருப்பவர் தலையில் விழுகிறது. எந்தச் சட்டம் தந்த அதிகாரத்தில் வைத்திருக்கிறாய், அந்தச் சட்டம் சொன்ன படிகளை ஏறினாயா என்று நீதிமன்றம் கேட்கும். அவர் எதிர் வாக்குமூலத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

பிரிவு 19 கேட்கும் படிகள் அதிகமில்லை, ஆனால் கறாரானவை. அதிகாரம் பெற்ற அதிகாரியின் கையில் ஆதாரம் இருக்க வேண்டும். இவர் குற்றம் செய்திருக்கிறார் என்று நம்புவதற்கான காரணத்தை அவர் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். கைது செய்த உடனே, கூடிய விரைவில், கைதுக்கான காரணங்களைச் சொல்ல வேண்டும். கைது உத்தரவின் நகலையும் ஆதாரங்களையும் மூடி முத்திரையிட்ட உறையில் தீர்ப்பாணையத்துக்கு அனுப்ப வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் ஆஜர்படுத்த வேண்டும். அரசியல் சாசனத்தின் பிரிவு 22 இவற்றுக்கு மேலே நிற்கிறது: காரணம் சொல்லாமல் யாரையும் காவலில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டு போக வேண்டும்.

இதில் ஏதாவது ஒரு படி தவறியிருந்தால் ஆட்கொணர்வு மனு உடனே வென்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. அதற்குக் காரணம் கடிகாரம்.

ஜூன் 14 அன்றே சென்னை முதன்மை அமர்வு நீதிபதி மருத்துவமனைக்கே வந்து, செந்தில் பாலாஜியைப் பார்த்து, ஜூன் 28 வரை நீதிமன்றக் காவலில் வைக்க உத்தரவிட்டார். உயர் நீதிமன்றத்தில் மனு முதலில் சென்ற அமர்விலிருந்து ஒரு நீதிபதி விலகிக்கொண்டதால், அது வேறு அமர்வுக்கு மாறி மறுநாள்தான் விசாரணைக்கு வந்தது. அதற்குள் ரிமாண்ட் உத்தரவு கையில் வந்துவிட்டது. சில மணி நேர இடைவெளிதான். ஆனால் அந்த இடைவெளியில் வழக்கின் உருவமே மாறிவிட்டது. காலையில் அவர் ஓர் அதிகாரியின் பிடியில் இருந்தார். மாலையில் ஒரு நீதிமன்றத்தின் உத்தரவின்படி இருந்தார்.

ஆட்கொணர்வு மனுவை விசாரிக்கும்போது எந்த நாளின் நிலையைப் பார்ப்பது என்பது பழைய கேள்வி. மனு தாக்கலான நாளையும் கணக்கில் கொண்டாலும், அரசு பதில் சொல்ல வேண்டிய நாளில் காவல் சட்டப்படி இருக்கிறதா என்பதையே முக்கியமாகப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பல முறை சொல்லியிருக்கிறது. 2012இல் வந்த மனுபாய் ரதிலால் படேல் வழக்குத் தீர்ப்பும் அதையே திரும்பச் சொன்னது. தகுதியுள்ள நீதிமன்றம் ஒருவரை ரிமாண்ட் செய்திருந்து, அந்த உத்தரவு பார்த்தவுடனே அதிகாரமற்றது என்றோ முழுக்கச் சட்டவிரோதம் என்றோ தோன்றாவிட்டால், ஆட்கொணர்வு மனு நிற்காது. கைதில் ஓட்டை இருந்தாலும் அதன் மேல் ரிமாண்ட் உத்தரவு வந்து உட்கார்ந்துவிடுகிறது.

விதிவிலக்கும் பழையதுதான். 1968இல் பீகாரின் லக்கிசராயில் சோஷலிஸ்ட் தலைவர் மது லிமாயி கைதானார். கைதுக்கான காரணம் அவரிடம் சொல்லப்படவில்லை. அதற்குப் பிறகு மாஜிஸ்திரேட் ரிமாண்ட் உத்தரவு போட்டிருந்தார். ஆனாலும் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அரசியல் சாசனப் பிரிவு 22இன் மீறலை, வழக்கம்போல் போடப்பட்ட ஒரு ரிமாண்ட் உத்தரவு சரிசெய்துவிடாது என்றது. அதாவது ரிமாண்ட் ஒரு கதவு. பூட்டியிருக்கும், ஆனால் சாவி இல்லாத கதவு இல்லை.

உயர் நீதிமன்றத்தில் நடந்தது அந்தக் கதவைப் பற்றிய சண்டைதான். ஜூன் 15 அன்று இடைக்கால உத்தரவில், காவல் தொடரும், ஆனால் தனியார் மருத்துவமனைக்கு மாற்றலாம் என்றது அமர்வு. ஜூன் 21 அன்று அவருக்கு இதய பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. ஜூலை 4 அன்று வந்த தீர்ப்பில் இரண்டு நீதிபதிகளும் இரண்டு திசையில் போனார்கள்.

நீதிபதி ஜெ. நிஷா பானு, மனு விசாரணைக்கு ஏற்றது என்றார். அமலாக்கத் துறைக்குக் காவலில் எடுத்து விசாரிக்கும் அதிகாரத்தை அந்தச் சட்டம் தரவில்லை, ஆகவே விடுவிக்க வேண்டும் என்றார். நீதிபதி டி. பரத சக்கரவர்த்தி, ரிமாண்டுக்குப் பிறகு மனு நிற்காது, இந்த வழக்கில் விதிவிலக்குக்கு இடமில்லை என்றார். மருத்துவமனையில் இருந்த நாட்களைக் காவல் விசாரணைக்கான 15 நாள் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும் என்றும் சொன்னார். மூன்றாவது நீதிபதியாக வந்த சி.வி. கார்த்திகேயன், ஜூலை 14 அன்று இரண்டாமவரின் முடிவை ஏற்றார்.

ஆட்கொணர்வு மனுவில் இப்படிப் பிளவுத் தீர்ப்பு வந்தால் ஒரு சங்கடம் உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒரு நீதிபதி இந்த ஆளை உள்ளே வைத்திருப்பது சட்டவிரோதம் என்று எழுதிவிட்டார். ஆனாலும் மூன்றாவது நீதிபதி முடிவு சொல்லும் வரை அந்த ஆள் உள்ளேயேதான் இருக்கிறார். சொத்து வழக்கில் பத்து நாள் தாமதம் பெரிதில்லை. இந்த மனு வேகத்துக்காகவே இருப்பது.

2023 ஆகஸ்ட் 7 அன்று நீதிபதிகள் போபண்ணா, எம்.எம். சுந்தரேஷ் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு உயர் நீதிமன்றத்தின் முடிவை உறுதி செய்தது. கைதானவரை மாஜிஸ்திரேட்டிடம் கொண்டு போய் நிறுத்திவிட்டால், அதன் பிறகான காவல் நீதித்துறையின் செயல். பொது விதியாக அதை ஆட்கொணர்வு மனு வழியாகத் தாக்க முடியாது. மேல் நீதிமன்றத்தில் அந்த உத்தரவை எதிர்த்துத்தான் போக வேண்டும். கட்டாய விதிகள் மீறப்பட்டு, கூடவே ரிமாண்ட் செய்தவர் மனதைச் செலுத்தவே இல்லை என்றால் மட்டும் ஆட்கொணர்வு மனுவுக்கு இடம் உண்டு. அப்போதும் அந்த ரிமாண்டைச் சவால் செய்தாக வேண்டும்.

இந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சென்னை வழக்கில் குறி வைக்கப்பட்டது கைது. ஆனால் அவரை உள்ளே வைத்திருந்தது ரிமாண்ட் உத்தரவு. முதன்மை அமர்வு நீதிபதி நேரில் வந்து, ஆட்சேபங்களைக் கேட்டு, காரணம் எழுதி உத்தரவு போட்டிருந்தார். ‘மனதைச் செலுத்தவில்லை’ என்று சொல்ல அங்கே பிடி கிடைக்கவில்லை. தாளை நீட்டியும் வாங்க மறுத்துவிட்டார் என்ற அமலாக்கத் துறையின் கூற்றையும் உச்ச நீதிமன்றம் ஏற்றது. காரணங்களைத் தெரிவித்தாயிற்று என்ற நிலை வந்தபின் பிரிவு 19 மீறல் என்ற வாதத்துக்கும் பலம் போய்விட்டது. ஆகஸ்ட் 12 வரை அவரைக் காவலில் எடுத்து விசாரிக்க அமலாக்கத் துறைக்கு அனுமதி கிடைத்தது.

ஆனால் அதே தீர்ப்பு இன்னொரு வேலையையும் செய்தது. பிரிவு 19 சரியாகப் பின்பற்றப்பட்டதா என்று சோதிக்கும் கடமை ரிமாண்ட் செய்யும் மாஜிஸ்திரேட்டுக்கு உண்டு, பின்பற்றவில்லை என்றால் அதன் பலன் கைதானவருக்கே போக வேண்டும் என்று எழுதி வைத்தது. தோற்றவர் வழக்கில் எழுதிய அந்த வரியைத்தான் இரண்டு மாதம் கழித்து பன்சால் வழக்கு தூக்கிப் பிடித்தது.

அங்கே கதை வேறு. ஒரு வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 9 அன்று அவர்களுக்குக் கைதிலிருந்து இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தது. ஜூன் 13 அன்று அமலாக்கத் துறை புதிதாக இன்னொரு வழக்கைப் பதிவு செய்தது. மறுநாள் முதல் வழக்கின் விசாரணைக்கு வந்தவர்கள் இரண்டாவது வழக்கில் கைதானார்கள். கைதுக்கான காரணங்களை எழுத்தில் தரவில்லை. அதிகாரி வாசித்துக் காட்டினார் என்றது அமலாக்கத் துறை. பஞ்ச்குலா நீதிமன்றம் ரிமாண்ட் செய்தது.

அவர்கள் ஆட்கொணர்வு மனு போடவில்லை. கைதும் செல்லாது, அதைத் தொடர்ந்த ரிமாண்ட் உத்தரவுகளும் செல்லாது என்று இரண்டையும் ரத்து செய்யக் கேட்டு வேறு வகை ரிட் மனு போட்டார்கள். பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் ஜூலையில் தள்ளுபடி செய்தது. அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது.

ரிமாண்ட் உத்தரவை எடுத்துப் படித்த உச்ச நீதிமன்றம், கைதுக்கான காரணங்களை நீதிபதி பார்த்தார் என்ற ஒரு வரிகூட அதில் இல்லை என்று கண்டது. குற்றம் செய்ததாக நம்புவதற்கான காரணத்தை அதிகாரி பதிவு செய்திருக்கிறாரா என்று சோதித்ததற்கும் அடையாளம் இல்லை. கைது சட்டப்படி இல்லாதபோது, ரிமாண்ட் உத்தரவு ஒன்று வந்துவிட்டது என்பதால் மட்டும் அது சட்டப்படியாகிவிடாது என்றது தீர்ப்பு. சென்னையில் பூட்டியிருந்த கதவு இங்கே திறந்தது. காரணம், அங்கே எழுதப்பட்டிருந்தது இங்கே எழுதப்படவில்லை.

அடுத்து, வாசித்துக் காட்டினால் போதுமா என்ற கேள்வி. நாட்டின் சில பகுதிகளில் எழுத்தில் தருகிறோம், சில இடங்களில் வாசித்துக் காட்டுகிறோம் என்று அமலாக்கத் துறையே ஒப்புக்கொண்டது. இங்குதான் செந்தில் பாலாஜி வழக்கின் தாள்கள் மறுபடி வந்தன. அவருக்காகத் தயாரித்த கைதுக்கான காரணங்கள் 6 பக்கம் ஓடுவதை நீதிமன்றம் பார்த்தது. அவ்வளவு நீளத்தை, கைதான அதிர்ச்சியில் நிற்கும் ஒருவர் கேட்டு மனதில் வைத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் எப்படிச் சொல்வார்? அதோடு இந்தச் சட்டத்தில் ஜாமீன் கேட்பவர், தான் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் உண்டு என்று நீதிமன்றத்தை ஏற்கச் செய்ய வேண்டும். எதற்காகப் பிடித்தார்கள் என்ற தாளே கையில் இல்லாமல் அதை எப்படிச் செய்வார்? வாசித்தோம், வாசிக்கவில்லை என்று இரு தரப்பும் மாறி மாறிச் சொன்னால் யாரை நம்புவது? ஆகவே இனி விதிவிலக்கின்றி எழுத்தில் தர வேண்டும் என்று சொல்லி, இருவரையும் விடுவித்தது.

இந்தத் தீர்ப்பை முன்தேதியிட்டுப் பயன்படுத்த முடியாது என்று 2023 டிசம்பரில் ராம் கிஷோர் அரோரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அக்டோபர் 3க்கு முன் கைதானவர்களுக்கு வாய்மொழியாகச் சொன்னதே போதும் என்றாகிவிட்டது. ஒரே சிறையில், ஒரே குறைபாட்டோடு கைதான இருவரில், தேதியை வைத்து ஒருவருக்கு நிவாரணம் உண்டு, இன்னொருவருக்கு இல்லை. சட்டப்படி இதற்கு விளக்கம் இருக்கலாம், எனக்கு மனம் ஒப்பவில்லை.

சரி, ஒரு கைதின் தாள்கள் கையில் வந்தால் எதைத் தேடுவது? நான் முதலில் நேரங்களைப் பார்ப்பேன். சோதனை முடிந்ததாக எழுதிய நேரம், கைது குறிப்பாணையில் உள்ள நேரம், உறவினருக்குத் தகவல் போன நேரம், மாஜிஸ்திரேட் முன் நிறுத்திய நேரம், இவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா? வெளியே போக விடாமல் உட்கார வைத்திருந்த நேரத்தை ‘விசாரணை’ என்று எழுதிவிட்டு, கைது நேரத்தைப் பின்னால் தள்ளியிருக்கிறார்களா? 24 மணி நேரம் சரியாக அடங்குவது போலக் கணக்குக் காட்டியிருந்தால் அங்கே நின்று பார்க்க வேண்டும். அப்புறம், காரணம் என்று எழுதியிருப்பதில் இந்த ஆளைப் பற்றி ஏதாவது இருக்கிறதா, அல்லது யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும் பொதுவான வாசகமா? 2024 மே மாதம் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைப் பிரித்துக் காட்டியது. ஆதாரத்தைக் கலைத்துவிடுவார் என்பது போன்றவை எந்தக் கைதுக்கும் சொல்லக்கூடிய பொது நியாயங்கள். ‘காரணங்கள்’ என்பவை இந்த நபருக்கு மட்டுமே உரிய விவரங்கள்.

அதையெல்லாம் ரிமாண்ட் செய்யும் நேரத்திலேயே எழுத்தில் ஆட்சேபமாகக் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னது உத்தரவில் ஏறாமலே போகலாம். எழுதிக் கொடுத்தால் நீதிபதி ஒன்று பதில் எழுத வேண்டும், இல்லையென்றால் பதில் எழுதவில்லை என்பதே பிறகு பயன்படும். ரிமாண்ட் உத்தரவின் சான்றிட்ட நகல் இல்லாமல் உயர் நீதிமன்றம் போவது வீண். மனுவின் கோரிக்கையில் விடுதலையோடு, அந்த உத்தரவை ரத்து செய்யவும் கேட்டிருக்க வேண்டும். கடத்தல், மறைத்து வைத்தல், போலீஸ் நிலையத்தில் கணக்கில் காட்டாமல் வைத்திருத்தல் போன்றவற்றில் ரிமாண்ட் உத்தரவே இருக்காது. அங்கே ஆட்கொணர்வு மனுவின் வேகத்துக்கு ஈடு வேறெதுவும் இல்லை.

செந்தில் பாலாஜிக்கு 2024 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. அதைக் கைது தவறு என்று ஒப்புக்கொண்டதாகச் சிலர் படித்தார்கள். அப்படி இல்லை. வழக்கு விசாரணை பக்கத்தில் முடியும் வாய்ப்பில்லை, அதுவரை ஒருவரை உள்ளேயே வைத்திருக்க முடியாது என்பதுதான் அங்கே அடிப்படை. ஜாமீனில் வந்தவர் நிபந்தனையோடு வருகிறார். கைது செல்லாது என்று வந்தவர் மீது அந்தக் கைதின் பெயரால் எந்த நிபந்தனையும் நிற்காது.

எழுத்தில் தருவது என்ற விதி பிறகு விரிந்தது. 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில், காரணத்தைச் சொல்லாத கைது எந்தக் குற்றமானாலும் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். காரணம் சொன்னோம் என்று நிரூபிப்பது போலீஸின் பொறுப்பு என்றும் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில், எல்லாக் குற்றங்களுக்கும், கைதானவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில் தர வேண்டும் என்றது. கண்ணெதிரே குற்றம் நடப்பது போன்ற அவசரத்தில் வாயால் சொல்லலாம். ஆனால் ரிமாண்டுக்குக் கொண்டு போவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பு தாள் கையில் இருக்க வேண்டும். தராவிட்டால் கைதும் ரிமாண்டும் செல்லாது, ஆள் வெளியே வரலாம். ஆனால் போலீஸ் பிறகு காரணங்களை எழுத்தில் கொடுத்துவிட்டு, காவல் கேட்டு மறுபடி விண்ணப்பிக்கலாம். வெளியே வந்தவர் அந்த விண்ணப்பத்துக்குத் தயாராக இருக்க வேண்டும்.